இரண்டு மணி நேரப் பேட்டியிலிருந்து ஸ்லைடுக்கு வரி எடுக்கும்போது எங்கே வெட்டலாம், எங்கே வெட்டக் கூடாது?

ஒலிப்பேழை எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காஞ்சிபுரத்தில் கோர்வைப் பட்டு நெய்யும் மூத்த நெசவாளர் ஒருவருடன் 2 மணி 10 நிமிடம் பேசிப் பதிவு செய்திருக்கிறேன். அதை எழுத்தாக்கியபோது ஏறக்குறைய 13,000 சொற்கள் வந்தன. பாட்காஸ்ட் வெளிவரும் நாளில் இன்ஸ்டாகிராமில் ஏழெட்டு ஸ்லைடுகள் போட வேண்டும் என்பதற்காக, நண்பர் ஒருவரிடம் அந்த எழுத்துவடிவத்தைக் கொடுத்து நல்ல வரிகளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னேன். அவர் பதிவைக் கேட்கவில்லை; வாசித்து மட்டுமே பன்னிரண்டு வரிகளைக் கொடுத்தார். அவற்றில் முதலாவது இது:

“கைத்தறிக்கு இனிமேல் எதிர்காலம் இல்லை. இது முடிந்துபோன தொழில்.”

பெரிய எழுத்தில், கருப்புப் பின்னணியில், பார்ப்பதற்கு எடுப்பாகத்தான் இருந்தது. நெசவாளரின் மகனுக்கு அனுப்பியபோது, “எங்க அப்பா இப்படிச் சொல்லவே மாட்டாருங்களே” என்று ஒரே வரியில் பதில் வந்தது. பதைபதைத்துப்போய்ப் பதிவைத் திரும்பக் கேட்டேன். அங்கே இருந்தது இதுதான்:

“கைத்தறின்னா வந்து, எல்லாரும் என்ன சொல்றாங்கன்னா, இனிமே கைத்தறிக்கு எதிர்காலம் இல்ல, பசங்க யாரும் வரமாட்டாங்க, இது முடிஞ்சுபோன தொழில்னு சொல்லிட்டுத் திரியறாங்க. அத என்னால ஒத்துக்க முடியலங்க. கூலி இல்லாத தொழிலுக்கு யாருங்க வருவாங்க? தொழில் முடியல, கூலிதான் முடிஞ்சுபோச்சு.”

அவர் மறுத்த கருத்தையே அவருடைய பெயரில் போடவிருந்தோம். நண்பர் மீது எனக்குக் கோபமில்லை. ஸ்லைடைப் பார்த்து நானும் தலையாட்டியவன்தான். இதுபோல் மறுபடி நேராமல் வரிகளை எடுக்க என்ன முறை வைத்திருக்கிறீர்கள்? பேச்சுத் தமிழில் இருப்பதை எழுத்துத் தமிழாக மாற்றி மேற்கோள் குறிக்குள் போடலாமா என்பதும் எனக்கு விளங்கவில்லை.

---

பிழைதிருத்தி எழுதியது:

பத்திரிகை ஒன்றின் மேசையில் பல ஆண்டுகள் பேட்டிகளைச் செம்மைப்படுத்தியவன் என்ற முறையில் சொல்கிறேன். உங்கள் நண்பர் செய்தது கவனக்குறைவு மட்டும் அன்று. நம் மொழியின் வாக்கிய அமைப்பே அவரை அங்கே இழுத்துச் சென்றிருக்கிறது. தமிழில் வினை கடைசியில் வருகிறது. ஒரு கருத்தை முழுவதும் சொல்லி முடித்த பிறகுதான், அது என் கருத்தா, ஊரார் சொல்வதா, நான் முன்பு நினைத்ததா, நான் மறுப்பதா என்பது தெரியவரும். “இது முடிஞ்சுபோன தொழில்” என்பது வரை வாசிப்பவருக்கு அது நெசவாளரின் தீர்ப்பாகவே படும். அதையடுத்து ஒட்டிக்கொண்டிருக்கும் “னு சொல்லிட்டுத் திரியறாங்க” என்ற வால்தான் அதைப் பிறர் வாய்க்கு மாற்றுகிறது. ஆங்கிலப் பேட்டியில் ‘சிலர் சொல்கிறார்கள்’, ‘நான் நம்பவில்லை’ போன்றவை பெரும்பாலும் கருத்துக்கு முன்னால் வந்துவிடுவதால், அங்கே வெட்டுகிறவர் தாம் எடுத்த வரிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று முதலில் பார்ப்பார். நாம் முதலில் பின்னால் பார்க்க வேண்டும்.

ஆகவே நான் ஒரு வரியைக் குறித்தவுடன் அதன் வாலைத் தேடுவேன். “ன்னு சொல்றாங்க”, “ன்னு நெனச்சேன்”, “ன்னு இல்ல”, “ன்னா” ஆகிய நான்கும்தான் அதிகம் ஏமாற்றுபவை. “கூலி கூடினா பசங்க வருவாங்க” என்பதில் ‘கூடினா’ போய்விட்டால் நிபந்தனை உறுதிமொழியாகிவிடும். “நான் தறியை வித்துடலாம்னு நெனச்சேன்” என்பதில் ‘நெனச்சேன்’ வெட்டுப்பட்டால், ஒரு மனிதர் ஒருநாள் இரவு கொண்ட சஞ்சலம் அவருடைய முடிவாக அச்சேறிவிடும்.

வாக்கியம் முடிந்த பிறகும் பார்ப்பது நிற்கக் கூடாது. உங்கள் பகுதியிலேயே மறுப்பு அடுத்த வாக்கியத்தில்தான் முழுமையடைகிறது. சில சமயம் பேசுபவர் தண்ணீர் குடித்துவிட்டு அரை நிமிடம் கழித்து “ஆனா ஒண்ணு” என்று தொடங்கி, அதுவரை சொன்னதில் பாதியைத் திரும்ப எடுத்துக்கொள்வார். அதனால் தேர்ந்தெடுத்த ஒவ்வொரு வரிக்கும் முன்னால் 30 நொடியும், தொடங்கிய பிறகு ஒரு நிமிடமும் சேர்த்துக் காதால் கேட்கிறேன். முழுப் பதிவையும் திறந்து தேடிக்கொண்டிருந்தால் பத்தாவது வரியில் பொறுமை போய்விடும் என்பதால், அந்தத் துண்டை மட்டும் வெட்டி வைத்துக்கொள்வது வழக்கம். வரி 01:13:10-இல் தொடங்குகிறது என்றால் கட்டளை இப்படி இருக்கும்:

```
ffmpeg -ss 01:12:40 -i petti.mp3 -t 90 -c copy thundu.mp3
```

அந்தத் துண்டைக் கேட்ட பிறகும் வரி நின்றால் மட்டுமே அது பட்டியலில் ஏறும்.

---

வரைபலகை எழுதியது:

நான் ஸ்லைடு வடிவமைப்பவன், எனவே மறுபக்கத்திலிருந்து பேசுகிறேன். மேலே ஐயா சொன்னது சரிதான். ஆனால் இவ்வளவு சூழலையும் சுமந்துகொண்டு வரும் வரி ஸ்லைடில் நிற்காது. 1080-க்கு 1350 என்ற அளவுள்ள பலகையில், கைப்பேசியில் கண்ணைச் சுருக்காமல் படிக்கும் அளவுக்கு எழுத்து வைத்தால், தமிழுக்கு நான்கைந்து வரிகள், வரிக்கு மூன்று சொற்கள்தான் கொள்ளும். நம் சொற்கள் நீளமானவை. “முடிஞ்சுபோச்சு” என்ற ஒரே சொல் ஒரு வரியில் பாதியைத் தின்றுவிடும். அதை நடுவில் உடைத்து “முடிஞ்சு-” என்று ஒரு வரியிலும் “போச்சு” என்று அடுத்த வரியிலும் போட்டால் பார்க்கச் சகிக்காது. ஆகையால் எனக்கு வரும் வரி 15 சொற்களைத் தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவேன்.

இதற்கு எளிய வழி உண்டு. “வந்து”, “என்னன்னா”, “பாத்தீங்கன்னா” போன்றவற்றை நீக்குங்கள். வெவ்வேறு இடங்களில் சொன்ன இரண்டு நல்ல துண்டுகளை மூன்று புள்ளி வைத்து இணையுங்கள். புள்ளி வைத்துவிட்டால் இடையில் ஏதோ விடுபட்டிருக்கிறது என்று வாசகருக்குத் தெரிந்துவிடும்; அதில் நேர்மைக்குக் குறைவில்லை. ஒலிப்பேழை நண்பர் தம் பதிவிலிருந்து இரண்டு துண்டுகள் கொடுத்தால் செய்து காட்டுகிறேன்.

---

ஒலிப்பேழை எழுதியது:

நன்றி. நீங்கள் சொல்வதுபோன்ற ஓர் இணைப்பு நண்பரின் பட்டியலிலேயே இருக்கிறது. 41-ஆவது நிமிடத்தில், “கோர்வை போடறதுக்கு ரெண்டு ஆள் வேணுங்க” என்கிறார். 98-ஆவது நிமிடத்தில், “அவங்களுக்கு எந்தக் கணக்குலயும் பேர் கிடையாது” என்கிறார். நண்பர் இவற்றை இப்படி இணைத்திருந்தார்:

“கோர்வை போடறதுக்கு ரெண்டு ஆள் வேணும்… அவங்களுக்கு எந்தக் கணக்குலயும் பேர் கிடையாது.”

பத்துச் சொற்கள்தாம், அளவு உங்களுக்குப் பிடிக்கும். ஆனால் பிழைதிருத்தி ஐயா சொன்னபடி 98-ஆவது நிமிடத்தைச் சுற்றிக் கேட்டேன். அங்கே நான் கேட்டது சாயம் போடுகிறவர்களைப் பற்றி. ‘அவங்க’ என்பது சாயப்பட்டறைக்காரர்களைக் குறிக்கிறது.

---

வரைபலகை எழுதியது:

அது தேர்ந்தெடுத்தவரின் பிழை. மூன்று புள்ளியின் பிழை இல்லையே.

---

பிழைதிருத்தி எழுதியது:

இரண்டும்தான். மூன்று புள்ளி வாசகரிடம் ஒரு வாக்குறுதி கொடுக்கிறது: இடையில் விடுபட்டவை இந்தப் பேச்சின் ஓட்டத்தை மாற்றாத சொற்கள் என்பதே அது. ஒரே கேள்விக்கான ஒரே பதிலுக்குள் அந்த வாக்குறுதியைக் காப்பாற்ற முடியும். நடுவில் 57 நிமிடங்களும் இருபது கேள்விகளும் கிடக்கும்போது காப்பாற்ற முடியாது. அதிலும் அவங்க, அது, அப்படி, அங்க போன்ற சுட்டுச் சொற்கள் உள்ள வரியைப் பெயர்த்து வேறிடத்தில் நட்டால், அது புதிய அண்டை வீட்டுக்காரரைப் போய்ச் சுட்டத் தொடங்கிவிடும். நம் பேச்சில் எழுவாயே பாதி நேரம் வருவதில்லை என்பதால் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். எனவே கேள்வியைத் தாண்டி இணைப்பதில்லை என்பதை நான் விலக்கில்லாமல் கடைப்பிடிக்கிறேன். இரண்டு துண்டும் நன்றாக இருந்தால் இரண்டு ஸ்லைடு போடுங்கள், இடமா இல்லை?

சுட்டுச்சொல் எதைக் குறிக்கிறது என்று சொல்லியே ஆக வேண்டுமென்றால், சதுர அடைப்புக்குள் போடலாம்: “[சாயம் போடுறவங்களுக்கு] எந்தக் கணக்குலயும் பேர் கிடையாது.” ஒரு ஸ்லைடில் ஓர் அடைப்பு வரலாம். இரண்டு வந்தால் அந்த வரி தனியாக நிற்கத் தகுதியில்லாதது என்றே பொருள்; விட்டுவிடலாம்.

15 சொல் என்ற அளவை நான் மறுக்கவில்லை. ஆனால் சுருக்குவதற்காக வெட்டுவதைவிட, தானாகவே குறுகிய வரியைத் தேடுவது நல்லது. இந்தப் பகுதியிலேயே கடைசி வாக்கியத்தைப் பாருங்கள்: “தொழில் முடியல, கூலிதான் முடிஞ்சுபோச்சு.” நான்கே சொற்கள். எதையும் வெட்டவில்லை, சேர்க்கவில்லை. பேசுகிறவர்கள் ஒரு கருத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு மூச்சில் இறக்கிவைப்பார்கள். பதிலின் முதல் வாக்கியத்தைவிடக் கடைசி வாக்கியத்தில்தான் எனக்கு அதிகம் வரிகள் கிடைத்திருக்கின்றன.

---

கணக்கு ஆசிரியை எழுதியது:

நானும் பேட்டிகளிலிருந்து ஸ்லைடு தயாரிக்கிறேன். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு உள்ளூர்த் தொழில்களைப் பற்றிக் காட்டுவதற்காக. நான் இவ்வளவு சிரமப்படுவதில்லை. அவர் சொன்னதன் சாரத்தை நான்கு குறிப்புகளாக என் சொற்களில் எழுதிவிடுவேன். கோர்வை என்றால் உடலும் கரையும் வேறு வேறு நிறம், குறுக்கிழையைக் கொண்டுபோகும் நாடாவைத் தனித்தனியாக ஓட்ட வேண்டும், அதனால் பக்கத்தில் இன்னோர் ஆள் வேண்டும் என்று எழுதிவிட்டால் பிள்ளைகளுக்குப் புரிந்துவிடுகிறது. இதில் பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்ற சிக்கலும் எழுவதில்லையே?

---

பிழைதிருத்தி எழுதியது:

அம்மா, நீங்கள் செய்வது சுருக்கம். நண்பர் கேட்பது மேற்கோள். சுருக்கத்துக்கு நீங்கள் பொறுப்பு, மேற்கோளுக்குப் பேசியவர் பொறுப்பு. ஆனாலும் உங்கள் வழி இவருக்கு ஓரிடத்தில் பயன்படும். மேற்கோள் தனியாகப் புரியாவிட்டால், அதற்கு மேலே சிறிய எழுத்தில், குறிகளுக்கு வெளியே, நம் சொற்களில் ஒரு முன்வரி வைக்கலாம். ‘கைத்தறி முடிந்துபோன தொழில் என்கிறார்களே?’ என்று மேலே வைத்து, கீழே அவருடைய நான்கு சொற்களைப் பெரிதாக வைத்தால், அந்த ‘தொழில் முடியல’ என்பது எதற்குப் பதில் என்று விளங்கிவிடும்.

---

வடமராட்சி எழுதியது:

பேச்சுத் தமிழை மாற்றுவது குறித்து என் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். என் பெரியம்மா இடப்பெயர்வைப் பற்றிப் பேசியதை வெளிநாட்டிலுள்ள ஓர் அமைப்பினர் பதிவு செய்து, சில வரிகளைப் படத்துடன் ஸ்லைடுகளாக வெளியிட்டார்கள். அவர் சொன்னது, “விடியப்புறம் வெளிக்கிட்டனாங்கள், கையில ஒண்டும் இல்லை.” ஸ்லைடில் வந்தது, “அதிகாலையில் கிளம்பினோம், கையில் ஒன்றும் இல்லை.” பொருளில் ஒரு பிசகும் இல்லை. ஆனால் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டியபோது, “இது ஆர் சொன்னது?” என்று கேட்டார். நாங்கள் முதலில் சிரித்தோம். பிறகு ஒருவருக்கும் சிரிப்பு வரவில்லை.

எங்கள் பேச்சு வழக்கைப் பொதுவான தமிழாக மாற்றுகிறவர்கள், தாங்கள் பிழை திருத்துவதாக நினைக்கிறார்கள். ‘கிளம்பினோம்’ என்பதும் ஒரு பேச்சு வழக்கிலிருந்து ஏறிவந்த சொல்தான் என்பதை அவர்கள் நினைப்பதில்லை. மேற்கோள் குறிக்குள் ‘வெளிக்கிட்டனாங்கள்’ என்றே இருக்க வேண்டும் என்பது என் கருத்து. புரியாதவர்களுக்குக் கீழே ஒரு சிறு குறிப்புப் போடலாம்.

---

சட்டமாணவன் எழுதியது:

சட்டத்தின் கண்ணில் இது முடிந்துபோன கேள்வி. அமெரிக்காவில் ஜெஃப்ரி மாசன் என்ற உளப்பகுப்பாய்வாளர், தன்னைப் பற்றி எழுதிய ஜேனட் மால்கம் என்ற எழுத்தாளர்மீதும், ‘நியூ யார்க்கர்’ இதழ்மீதும் வழக்குத் தொடுத்தார். மேற்கோள் குறிக்குள் தான் சொல்லாத சொற்களைப் போட்டுவிட்டார்கள் என்பது அவருடைய புகார். 1991-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், சொற்களை மாற்றியதனாலேயே அது பொய்யாகிவிடாது, பொருள் கணிசமாக மாறியிருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டது. எனவே பொருள் மாறாதவரை எழுத்துத் தமிழாக்குவதில் தவறே இல்லை. நெசவாளரின் வரியை, “தொழில் முடிவடையவில்லை, கூலிதான் முடிவடைந்துவிட்டது” என்று தாராளமாகப் போடலாம்.

---

பிழைதிருத்தி எழுதியது:

தம்பி, தீர்ப்பைச் சரியாகவே நினைவு வைத்திருக்கிறீர்கள். ஆனால் அதை வேறு வேலைக்குப் பயன்படுத்துகிறீர்கள். அவதூறு வழக்கில் ஒருவர் எவ்வளவு தூரம் போனால் மாட்டிக்கொள்வார் என்பதற்கான எல்லை அது. மேசையில் உட்கார்ந்து வேலை செய்பவர் அந்த எல்லைவரை போய் நிற்க வேண்டும் என்று அதற்குப் பொருளில்லை. மேலும், அந்த நீதிமன்றம் மால்கமுக்குச் சாதகமாக வழக்கை முடித்துவைக்கவும் இல்லை. பொருள் மாறியதா என்பதை நடுவர் குழு தீர்மானிக்கட்டும் என்றே திருப்பி அனுப்பியது. 1994-இல்தான் நடுவர் குழு அவர் பக்கம் முடிவெடுத்தது.

அந்த வழக்கில் நமக்கு உண்மையில் வேண்டிய பாடம் வேறு. ஒலிநாடாவில் இல்லாத சொற்களுக்கு, ‘குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன்’ என்று அவர் சொல்ல வேண்டியிருந்தது. எனவே எந்த வரி எந்த நிமிடத்தில் இருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். நான் ஒரு தாளில் ஐந்து பத்திகள் வைத்திருப்பேன்: தொடங்கும் நேரம், முடியும் நேரம், பேசியபடியே எழுதிய வடிவம், ஸ்லைடில் போகும் வடிவம், இரண்டுக்கும் இடையே நான் என்ன மாற்றினேன் என்பது. கடைசிப் பத்தியை நிரப்பக் கூச்சமாக இருந்தால், அந்த மாற்றத்தைச் செய்யக் கூடாது. வேறு சோதனை தேவைப்பட்டதில்லை.

உங்கள் ‘முடிவடைந்துவிட்டது’ வரியை இப்போது நீங்களே வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பொருள் இருக்கிறது. ஆனால் ‘முடியல, முடிஞ்சுபோச்சு’ என்ற அடியும் திருப்பமும் போய், அரசாங்க அறிக்கையின் மூன்றாவது பத்தியைப் போல் ஒலிக்கிறது. அந்த ஓசைக்காகத்தானே அந்த வரியை எடுத்தோம்?

ஆயினும் வடமராட்சி நண்பர் சொல்வதை நான் முழுவதும் ஏற்கவில்லை. பேசியபடியே எழுதுவதிலும் ஓர் ஓரவஞ்சனை உண்டு. ஒரே தொடரில் பேராசிரியருடைய பேச்சைத் திருத்தி எழுத்துத் தமிழில் போட்டுவிட்டு, நெசவாளருடைய பேச்சை மட்டும் ‘முடிஞ்சுபோச்சு’ என்று விட்டால், படிக்காதவர் இப்படித்தான் பேசுவார் என்று சொல்வதாகிவிடுகிறது. பேராசிரியரும் வாய்திறந்தால் ‘முடிஞ்சுபோச்சு’ என்றுதான் சொல்கிறார். ஆகவே எந்த வழக்கை எடுத்தாலும் தொடரில் வரும் அனைவருக்கும் அதையே வைக்க வேண்டும். என் மேசையில் எழுத்துத் தமிழ்தான் விதி. ஸ்லைடுக்கு அது பொருந்தாமல் போகலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

---

வடமராட்சி எழுதியது:

எல்லோருக்கும் ஒரே வழக்கு என்பது சரி. ஆனால் அந்த ஒரே வழக்கு எந்த ஊருடையது என்ற கேள்விக்கு நீங்கள் பதில் சொல்லவில்லை, அண்ணா.

---

ஒலிப்பேழை எழுதியது:

நான்கு நாட்கள் கழித்து வருகிறேன், பொறுத்தருளவும். முழுப் பதிவையும் எழுத்துவடிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடி கேட்டேன். முதல் சுற்றில் 41 இடங்களைக் குறித்தேன். ஒன்றரை நிமிடத் துண்டுகளைக் கேட்ட பிறகு 16 மிஞ்சின. பேட்டியைக் கேட்காத என் அக்காவிடம் அந்தப் பதினாறையும் வாசித்துக் காட்டி, எது எதைப் பற்றியது என்று கேட்டேன். அவர் ‘எதைப் பற்றி?’ என்று திருப்பிக் கேட்டவற்றை விலக்கிய பிறகு ஏழு நின்றன. விழுந்தவற்றில் இரண்டைப் பற்றி எழுத வேண்டும், ஏனென்றால் இவற்றை நீங்கள் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

முதலாவது, எழுத்தாக்கத்தில் வந்த பிழை. ஒலியைத் தானாக எழுத்தாக்கும் மென்பொருள் கொடுத்த வடிவத்தில், “பாவம் அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம்” என்று இருந்தது. சித்தர் வாக்குப் போல ஆழமாகத் தெரிந்ததால், நண்பர் அதைச் சிவப்பு மையால் இரண்டு முறை அடிக்கோடிட்டிருந்தார். அவர் சொன்னது ‘பாவு’. தறியில் நீளவாக்கில் ஓடும் இழையைத்தான் சொல்கிறார். அது அறுந்தால் முடிச்சுப் போட்டுத் தொடர்வார்கள், அவ்வளவுதான். அதேபோல் ‘கோர்வை’ என்பது ஏழு இடங்களில் ‘கோவை’ ஆகியிருந்தது. “கோவை போடறதுக்கு ரெண்டு ஆள் வேணும்” என்று வெளியிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தொழிற்சொற்களை முதலிலேயே ஒரு பட்டியலாக எழுதி வைத்து, அவை வர வேண்டிய இடங்களில் என்ன வந்திருக்கிறது என்று பார்ப்பது இப்போது என் வழக்கமாகிவிட்டது. எழுத்துவடிவத்தில் ஒரு வரி எதிர்பாராத அளவுக்குக் கவித்துவமாக இருந்தால் முதலில் அதைச் சந்தேகிக்கிறேன்.

இரண்டாவது, என்னுடைய பிழை. நண்பரின் பட்டியலில், “ஒரு சேலை நெய்யறப்ப என் ஆயுசுல ஒரு துண்டைத்தான் நெய்யறேன்” என்று ஒரு வரி இருந்தது. பதிவில் அது நான் கேட்ட கேள்வி. “அப்ப ஒரு சேலை நெய்யறப்ப உங்க ஆயுசுல ஒரு துண்டைத்தான் நெய்யறீங்க, இல்லையா?” என்று அழகாகக் கேட்டுவிட்டு நான் காத்திருக்கிறேன். அவர், “ஆமாங்க, அப்படியும் வெச்சுக்கலாம்” என்கிறார். எழுத்துவடிவத்தில் யார் பேசுகிறார் என்ற குறி அந்த இடத்தில் விடுபட்டிருந்தது. நண்பர் ‘உங்க’ என்பதை ‘என்’ என்று திருத்திவிட்டார். அந்த “வெச்சுக்கலாம்” என்பதை மறுபடி மறுபடி கேட்டேன். எனக்காக மரியாதையாக ஒத்துக்கொண்டிருக்கிறார்.

---

பிழைதிருத்தி எழுதியது:

இது நாம் பேசியிருக்க வேண்டியது; விட்டுவிட்டேன். பேட்டி எடுப்பவர் வாயில் வரியை வைத்து, பேட்டி கொடுப்பவர் ‘ஆமாங்க’ என்றால், அது எடுப்பவருடைய வரிதான். நல்ல வரி ஒன்று உங்களுக்கே மிகவும் பழக்கமான நடையில் இருந்தால் அங்கே நின்று பாருங்கள். பெரும்பாலும் அது நீங்கள் பேசியதாக இருக்கும்.

---

வரைபலகை எழுதியது:

கேள்வியைத் தாண்டி இணைப்பது பற்றி நான் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஒரே பதிலுக்குள் புள்ளி வைப்பதை மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஏழு வரிகளையும் கொடுங்கள், அமைத்துத் தருகிறேன். ஒரு வேண்டுகோள்: வரியை எங்கே உடைக்க வேண்டும் என்பதையும் நீங்களே குறித்துக் கொடுங்கள். “தொழில் முடியல,” என்பது ஒரு வரியாகவும் “கூலிதான் முடிஞ்சுபோச்சு.” என்பது அடுத்த வரியாகவும் நின்றால்தான் அவர் மூச்சுவிட்ட இடம் தெரியும். இடம் நிரம்பிய இடத்தில் மென்பொருள் உடைத்தால் “தொழில் முடியல, கூலிதான்” என்று முதல் வரி வந்து, படிப்பவர் தடுக்கிவிழுவார்.

---

ஒலிப்பேழை எழுதியது:

அவர் மூச்சுவிட்ட இடத்திலேயே ஏழையும் உடைத்து அனுப்புகிறேன். பேச்சு வழக்கையே வைப்பது என்றும், இதே தொடரில் முன்பு வந்த பொறியாளருடைய ஸ்லைடுகளையும் அப்படியே மாற்றுவது என்றும் முடிவு செய்திருக்கிறேன். “வந்து”, “என்னன்னா” ஆகியவற்றை மட்டும் நீக்கினேன். “யாருங்க வருவாங்க?” என்பதிலுள்ள ‘ங்க’வை நீக்கவில்லை, அதை எடுத்தால் அவர் கோபமாகக் கேட்பதுபோல் ஆகிவிடுகிறது, அவர் கேட்டது வருத்தமாகத்தான்.

இருப்பதிலேயே சிறந்த வரி 43-ஆவது நிமிடத்தில் கிடைத்தது. நண்பரின் பட்டியலில் அது இல்லை. ஏனென்றால் எழுத்தில் பார்த்தால் சாதாரணமாக இருக்கிறது:

“நெய்யறப்ப ரெண்டு பேரு. கூலி வாங்கறப்ப நான் ஒருத்தன்தான் போய் நிப்பேன்.”

கோர்வையில் கரைக்கான நாடாவைப் போடும் அந்த இரண்டாவது ஆள் அவருடைய மனைவி. இதற்கு முன்னால் ஐந்து நொடி மௌனம் இருக்கிறது. எழுத்துவடிவத்தில் மௌனம் தெரியாது.

ஏழு வரிகளையும் நேற்றுத் தொலைபேசியில் அவருக்கு வாசித்துக் காட்டினேன்.

---

சட்டமாணவன் எழுதியது:

வெளியிடும் முன் காட்டுவது நல்ல பழக்கமா? ‘இதை நான் சொல்லவில்லை, நீக்கு’ என்று நல்ல வரிகளையெல்லாம் நீக்கச் சொன்னால் என்ன செய்வீர்கள்? அரசியல்வாதிக்கு இப்படிக் காட்ட முடியுமா?

---

பிழைதிருத்தி எழுதியது:

அரசியல்வாதிக்கு நான் காட்ட மாட்டேன்; நெசவாளருக்குக் காட்டுவேன். இருவருக்கும் ஒரே விதி வேண்டும் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இல்லை. ஆனால் அனுமதி கேட்பதும் சரிபார்ப்பதும் வேறு வேறு. ‘இதைப் போடலாமா?’ என்று கேட்காமல், ‘இப்படிச் சொன்னீர்கள், இதில் பொருள் ஏதும் மாறியிருக்கிறதா?’ என்று கேட்பேன்.

---

ஒலிப்பேழை எழுதியது:

அப்படித்தான் கேட்டேன். ஆறு வரிகளுக்கு, “சரிதாங்க” என்றார். ‘ரெண்டு பேரு’ வரிக்குக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அதுல அவங்க பேரையும் போட்டுடுங்க” என்றார். பேட்டியில் அவர் மனைவியின் பெயரை ஓரிடத்திலும் சொல்லவில்லை. மேற்கோளுக்குள் சதுர அடைப்பில் போடுவதா, வெளியே போடுவதா?

---

பிழைதிருத்தி எழுதியது:

மேற்கோளுக்குள் வேண்டாம், பதிவில் இல்லாத சொல் அது. வழக்கமாகக் கீழே பேசியவரின் பெயர் வரும் இடம் இருக்கிறதல்லவா? அங்கே இருவர் பெயரையும் அருகருகே ஒரே அளவில் போட்டு, ‘கோர்வை நெசவாளர்கள்’ என்று எழுதுங்கள். படத்திலும் அவரையும் சேர்த்து எடுக்க முடிந்தால் நல்லது. ஆனால் பேசியவர் ஒருவர்தான் என்பதால், அவர் பெயருக்கு முன்னால் ‘பேசியவர்’ என்று சிறிதாகப் போட வேண்டியிருக்கும். அதை எப்படி அழகாக வைப்பது என்பதை வரைபலகைதான் சொல்ல வேண்டும்.

---

வரைபலகை எழுதியது:

இரண்டு விதமாகச் செய்து பார்க்கிறேன். அம்மாவின் பெயரை எழுத்துப் பிழையில்லாமல் அவரிடமே கேட்டு அனுப்புங்கள்.